சிறுநீர்ப்பையின் வாசலில் நின்றுவிட்ட கல்

கேள்வி: டொக்டர், எனக்கு 41 வயது. ஹட்டன் பக்கம் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் மலையில் நிற்கும்போது வலது விலாவுக்குக் கீழே, முதுகில் வலி பிடித்து வாந்தியும் வந்தது. இரண்டு நாளில் வலி அடிவயிற்றுக்கு இறங்கியது. அப்புறம் அடிக்கடி சிறுநீர் முட்டும், போனால் சொட்டுத்தான் வரும். ஸ்கேனில் ‘வலது வி.யூ.ஜே.யில் 6 மி.மீ. கல், சிறுநீரகத்தில் லேசான வீக்கம்’ என்று எழுதி, கிளினிக்குக்குத் திகதியும் தந்தார்கள். இப்போது ஐந்து நாளாக வலியே இல்லை. கல் போய்விட்டது, எதற்கு ஒருநாள் பேரை இழக்க வேண்டும் என்கிறார்கள் வீட்டில். இவ்வளவு தூரம் இறங்கிய கல் ஏன் அங்கே போய் நின்றது? தண்ணீரை நிறையக் குடித்தால் அது தள்ளிவிடாதா?

— ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் கிளினிக் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கட்டாயம் போங்கள். வலி நின்றுவிட்டது என்பதை வைத்துக் கல் போய்விட்டது என்று சொல்ல முடியாது. கல் அதே இடத்தில் நிற்கும்போதே வலி அடங்கிப் போவதுண்டு. அது எப்படி என்று புரிய வேண்டுமானால், அந்தக் கல் வந்த வழியை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

சிறுநீரகத்துக்குள் சிறுநீர் சேரும் அகன்ற பகுதி ஒன்று இருக்கிறது. அது ஒடுங்கி ஒரு குழாயாகிறது. அதுதான் சிறுநீர்க்குழாய். வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. நீளம் ஏறத்தாழ 25 செ.மீ., அதாவது ஒரு சாணைவிடக் கொஞ்சம் அதிகம். உள்ளகலம் சாதாரண நிலையில் 3 முதல் 4 மி.மீ. வரைதான். கடைசி விலா எலும்புக்குக் கீழே, முதுகெலும்புக்குப் பக்கத்தில் தொடங்கி, முதுகெலும்பை ஒட்டிய தடித்த தசையின் மேல் படுத்தபடி அது நேராக இறங்குகிறது. இடுப்பு எலும்பின் விளிம்பில், காலுக்குப் போகும் பெரிய இரத்தக்குழாயின் மேலாக ஏறிக் கடந்து, இடுப்புக்குள் நுழைகிறது. அங்கே பக்கச் சுவரை ஒட்டிப் பின்னோக்கிப் போய், பிறகு உள்நோக்கித் திரும்புகிறது. பெண்களில் இந்தத் திருப்பத்தில் கருப்பைக்குப் போகும் இரத்தக்குழாயின் அடியில், கருப்பை வாய்க்கு ஏறத்தாழ 2 செ.மீ. பக்கத்தில் நுழைந்து போகிறது. கடைசியில் சிறுநீர்ப்பையின் பின்பக்கச் சுவரைச் சாய்வாகத் துளைத்து உள்ளே திறக்கிறது. ஸ்கேன் தாளில் உள்ள வி.யூ.ஜே. என்பது குழாயும் பையும் சேரும் இந்த இடம்தான்.

இந்த வழியில் குழாய் இயல்பாகவே குறுகும் இடங்கள் மூன்று. சிறுநீரகத்தை விட்டுக் குழாய் தொடங்கும் இடம், இடுப்பு விளிம்பில் இரத்தக்குழாயைக் கடக்கும் இடம், சிறுநீர்ப்பையின் சுவருக்குள் நுழையும் இடம். படிக்கும்போது நாங்கள் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் ஒப்பிப்போம். ஆனால் மூன்றும் ஒரே அளவுக்குக் கல்லைப் பிடிப்பதில்லை. வலியோடு வருகிறவர்களை சி.டி. ஸ்கேன் செய்து பார்த்தால், பெரும்பாலான கற்கள் கீழ் வாசலில், உங்களுடையது நிற்கும் அதே இடத்தில் நிற்கின்றன. அடுத்தபடியாகக் குழாயின் மேல் பாதியில் நிற்கும். நடுவிலுள்ள இடுப்பு விளிம்பில் நிற்பவை கொஞ்சம்தான். அங்கே குழாய் இரத்தக்குழாயின் மேல் வளைந்து போகிறதே தவிர, அதை வெளியிலிருந்து இறுக்கிப் பிடிக்கக் கெட்டியான சுவர் எதுவும் இல்லை. குழாய் கொஞ்சம் விரிந்து கொடுத்தால் கல் தாண்டிவிடுகிறது.

மேல் வாசல் வேறு விதம். சிறுநீரகத்துக்குள்ளேயே இருக்கும் பெரிய கல் அந்த வாசலில் நுழையாது, உள்ளேயே கிடக்கும், பல வருடம் வலி தராமல்கூட. நுழையும் அளவுக்குச் சிறிய கல்தான் குழாயில் இறங்கும். உங்கள் கல் மேல் வாசலையும் இடுப்பு விளிம்பையும் தாண்டிவிட்டது. மிஞ்சியிருப்பது வழியிலேயே மிகக் குறுகலான கடைசி வாசல்.

அது ஏன் அப்படிக் குறுகல்? சிறுநீர்ப்பையின் சுவர் தடித்த தசை. குழாய் அதை நேராகத் துளைத்து உள்ளே போவதில்லை. சாய்வாக, ஒன்றரை முதல் 2 செ.மீ. தூரம் அந்தத் தசைக்குள்ளேயே ஓடி, அப்புறம்தான் பைக்குள் திறக்கிறது. பை நிறைய நிறைய உள்ளழுத்தம் கூடி, சாய்வாக ஓடும் அந்தப் பகுதியைத் தட்டையாக அமுக்கி மூடுகிறது. சிறுநீர் மறுபடி சிறுநீரகத்துக்கு ஏறிவிடாமல் காப்பது இந்த அமைப்புத்தான். நமக்கு மிகவும் வேண்டிய அமைப்பு. ஆனால் மேலே இருந்து வரும் கல்லுக்கு அதே இடம் தடை. மற்ற இடங்களில் குழாயைச் சுற்றி இருப்பது கொழுப்பும் மெல்லிய திசுவும், விரிந்து கொடுக்க இடமுண்டு. இங்கே நாற்புறமும் தசை. 6 மி.மீ. கல் அங்கே வந்து உரச உரச உட்சுவரும் வீங்கிவிடும், வாசல் இன்னும் சிறுத்துவிடும்.

உங்கள் வலி இறங்கி வந்ததும் இதே வழியில்தான். சிறுநீரகத்துக்கும் குழாயின் மேல் பகுதிக்கும் போகும் நரம்புகள், விலாவுக்குக் கீழேயுள்ள முதுகுத் தோலின் நரம்புகள் சேரும் அதே மட்டத்தில்தான் தண்டுவடத்தில் சேர்கின்றன. அதனால் கல் மேலே இருந்தபோது வலி முதுகில் தெரிந்தது. வயிற்றின் நரம்புகளும் அதே வலையில் இருப்பதால் வாந்தியும் வந்தது. கல் இறங்க இறங்க வலி அடிவயிற்றுக்கும் கவட்டுக்கும் வந்தது. வலது அடிவயிறு என்பதால் குடல்வாலா, சூலகமா என்ற சந்தேகம் வருவது இந்தக் கட்டத்தில்தான். கல் பையின் சுவருக்குள் நுழைந்ததும் பையே உறுத்தப்பட்டு, நிறையாமலே நிறைந்ததுபோல மூளைக்குச் சொல்கிறது. அதுதான் அந்த முட்டலும் சொட்டும்.

இந்தக் கடைசி அறிகுறியால் ஏமாந்து போகிற பெண்கள் நிறைய. சிறுநீர் எரிச்சல், கிருமித் தொற்று என்று எண்ணி அன்டிபயோட்டிக்கை வாரக்கணக்கில் விழுங்குவார்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் சிவப்பணுக்கள் நிறைய இருந்து சீழணுக்கள் குறைவாக இருந்தாலோ, கிருமி வளர்ப்புப் பரிசோதனையில் ஒன்றும் வளராவிட்டாலோ, கீழ் வாசல் கல்லை நினைக்க வேண்டும். முட்டலுக்கு முன் முதுகில் ஒரு கடும் வலி வந்து போயிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். உங்களுக்கு ஸ்கேன் எழுதிய வைத்தியர் அதைத் தவறவிடவில்லை.

சரி, தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். தோட்டத்தில் ஊற்றிலிருந்து லயத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் பைப்பில் சருகு அடைத்தால், மேலே தண்ணீரைத் திறந்துவிட்டு அழுத்தத்தில் அடித்துக் கொண்டுபோக விடுவோம். கல்லையும் அப்படித் தள்ளிவிடலாம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஆனால் சிறுநீர்க்குழாய் அந்த பைப் மாதிரி வெறுமனே கிடப்பதில்லை. அது உயிருள்ள தசை. நிமிடத்துக்குச் சில தடவை மேலிருந்து கீழாக ஒரு சுருக்கம் ஓடும். சுவர் ஒன்றோடொன்று ஒட்டி இறுகி, முன்னாலுள்ள சிறுநீரைக் கீழே உந்திவிடும். நாம் படுத்திருந்தாலும் சிறுநீர் பைக்குப் போய்ச் சேர்வது இதனால்தான். கல்லை நகர்த்துவதும் பெரும்பாலும் இந்தச் சுருக்கந்தான்.

கல் அடைத்ததும் அதற்கு மேலே சிறுநீர் தேங்கிக் குழாய் விரிகிறது. விரிந்த குழாயின் சுவர்கள் ஒட்டி இறுக முடியாது, அதனால் உந்தும் வலு குறைகிறது. வலி இருக்கும் நேரத்தில் போத்தல் போத்தலாகத் தண்ணீர் குடித்தால் தேக்கம் கூடும், வலி கூடும், வாந்தி வரும். கல் வேகமாக இறங்கும் என்பதற்கு நல்ல ஆதாரமும் இல்லை. தாகத்துக்கும் வாந்தியில் போனதை ஈடுகட்டவும் குடித்தால் போதும். வாழைத்தண்டுச் சாறு, பார்லித் தண்ணீர் குடிப்பதில் பெரிய கெடுதி இல்லை, ஆனால் வாசலில் சிக்கிய கல்லை அவை கரைக்காது. பியர் குடித்தால் கல் போகும் என்று ஆண்களுக்குச் சொல்லி வைத்திருப்பதையும் விட்டுவிடுங்கள்.

தண்ணீரின் வேலை அடுத்த கல் வராமல் பார்ப்பது. சிறுநீர் ஒரு நாளைக்கு 2 முதல் இரண்டரை லீட்டர் போகும்படி குடிப்பது, கல் ஒருமுறை வந்தவர்களுக்கு இருக்கும் வழிகளில் முக்கியமானது. நீங்கள் எழுதவில்லை, ஆனால் மலையில் வேலை செய்யும் பெண்கள் கிளினிக்கில் என்னிடம் சொல்வது ஒன்றுண்டு. மலையில் மலசலகூடம் இல்லை, அதனால் காலையில் சாயத்தண்ணி ஒரு கோப்பையோடு போய், கொழுந்து நிறுக்கும் வரை ஒன்றும் குடிப்பதில்லை, முட்டினாலும் அடக்கிக் கொள்வோம் என்பார்கள். சிறுநீர் இறுகிக் கல் உண்டாவதற்கு இது நேர் வழி. கல் வாசலில் நிற்கும்போது அடக்குவதும் நல்லதல்ல. நான் மேலே சொன்னபடி, நிறைந்த பை அந்த வாசலை இன்னும் அமுக்கும். மலைக்குப் பக்கத்தில் தண்ணீரும் மறைவான மலசலகூடமும் கேட்பது பெண்களின் சலுகைக் கோரிக்கை இல்லை, சிறுநீரகத்தைக் காக்கும் கோரிக்கை. உங்கள் தலைவரிடம் இதை டொக்டர் சொன்னார் என்றே சொல்லுங்கள்.

இப்போது வலி நின்ற கதை. கல் அடைத்த முதல் மணித்தியாலங்களில் சிறுநீரகம் புரஸ்டாகிளாண்டின் என்னும் பொருளை விடுகிறது. அதனால் சிறுநீரகத்துக்கு வரும் இரத்தம் கூடி, சிறுநீரும் கூடச் சுரக்கிறது. வெளியே போக வழியில்லாத இடத்தில் சுரப்பு கூடினால் அழுத்தம் ஏறும், சுவர் இழுபடும். உயிர் போகும் வலி அதுதான். வலிக்கு டைக்ளோபினாக் போடுவது இந்தப் பொருளைக் குறைப்பதற்குத்தான், வெறும் மரப்புக்கு இல்லை. வயிற்றுப்புண் உள்ளவர்களும் சிறுநீரகம் பழுதானவர்களும் அதைத் தாமாக வாங்கிப் போடக் கூடாது.

அடைப்பு நீடித்தால் சிறுநீரகம் தன்னைத் தானே அடக்கிக் கொள்கிறது. இரத்த ஓட்டம் குறைகிறது, சுரப்பு குறைகிறது, அழுத்தமும் மெல்ல இறங்குகிறது. வலி போய்விடும். ஆனால் கல் நின்ற இடத்திலேயே நிற்கும், சிறுநீரகம் தன் வேலையைக் குறைத்துக்கொண்டு இருக்கும். இப்படி வாரக்கணக்கில், மாதக்கணக்கில் விட்டுவிட்டால் அந்தச் சிறுநீரகம் மெலிந்து, திரும்ப வராத பழுது ஏற்படலாம். மறுபக்கச் சிறுநீரகம் முழு வேலையையும் செய்வதால் சிறுநீரும் குறையாது, இரத்தப் பரிசோதனையும் சரியாகவே காட்டலாம். நான் அதிகம் பயப்படுவது கத்திக்கொண்டு வரும் நோயாளியைப் பார்த்து இல்லை. வலி போய்விட்டது என்று கிளினிக்குக்கு வராமல் விட்டவரை நினைத்துத்தான்.

கல் தானாக விழுந்திருக்கவும் கூடும். அதையும் சொல்ல வேண்டும். கீழ் வாசல் வரை வந்த கற்களில் பத்தில் ஏழெட்டு தாமாகவே போய்விடுகின்றன. குழாயின் மேல் பகுதியில் நிற்பவற்றில் ஏறத்தாழப் பாதிதான் போகும். இடத்தைப் பொறுத்தவரை உங்களுக்கு நல்ல வாய்ப்பு. அளவைப் பார்த்தால் 5 முதல் 7 மி.மீ. கற்களில் பத்தில் ஆறு போகும். ஆகக் கல் தானாகப் போகப் பாதிக்கு மேல் வாய்ப்பு நிச்சயம் உண்டு. வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் சிறிய கல்லைக் கொஞ்சம் பெருக்கிக் காட்டுவதும் உண்டு. கல் நீளவாக்கில் இறங்குவதால், அதன் நீளத்தைவிட அகலம்தான் முக்கியம். இந்த அளவுக் கல் போவதற்கு மூன்று வாரம்வரை எடுப்பது சாதாரணம். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு மேல் காத்திருப்பதில்லை. நீங்கள் அந்த எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள்.

கல் விழுந்ததைத் தெரிந்துகொள்ள ஒரே உறுதியான வழி அதைக் கண்ணால் பார்ப்பதும் ஸ்கேனில் இல்லை என்று காண்பதும். இன்றிலிருந்து ஒரு மெல்லிய வெள்ளைத் துணியிலோ பழைய தேயிலை வடியிலோ சிறுநீரை வடித்துப் பாருங்கள். அகப்படும் கல்லை உலர்த்தி, சின்னப் போத்தலில் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். அது எந்தக் கல் என்று பரிசோதித்தால், எதைச் சாப்பிடலாம், எதைக் குறைக்கலாம் என்று அர்த்தத்தோடு சொல்ல முடியும்.

ஸ்கேனுக்குப் போகும்போது மட்டும் சிறுநீர் நிறைந்திருக்க வேண்டும். கீழ் வாசல் கல் நிறைந்த பையின் வழியாகத்தான் தெளிவாகத் தெரியும். பை காலியாக இருந்தால் குடல் வந்து மறைத்துக் ‘கல் இல்லை’ என்று எழுதி விடலாம். அப்படி எழுதியிருந்தும் சிறுநீரகத்தின் வீக்கம் அப்படியே இருந்தால் நம்ப வேண்டாம், சி.டி. ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். குழாயின் நடுப் பகுதி அந்தச் சாதாரண ஸ்கேனில் அனேகமாகத் தெரியவே தெரியாது. சி.டி.க்கும் எக்ஸ்ரேக்கும் முன், மாதவிடாய் தள்ளிப் போயிருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். கல்லை இறக்க டாம்சுலோசின் என்ற மாத்திரை எழுதித் தரலாம். 5 மி.மீ.க்கு மேற்பட்ட, கீழ்ப் பகுதியில் நிற்கும் கல்லுக்கு அது ஓரளவு உதவுகிறது. எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம், சரிவான மலையில் வேலை செய்கிறவர்கள் இரவில் படுக்கும் முன் போடுவது நல்லது.

திகதி வரும் வரை காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தால் அன்றிரவே புறப்படுங்கள். மலைநாட்டுக் குளிர், பனடோல் போட்டுப் போர்த்திப் படுத்தால் சரியாகும் என்று இருக்கக் கூடாது. அடைபட்ட சிறுநீரில் கிருமி ஏறினால் அது சில மணித்தியாலத்தில் இரத்தத்தில் கலந்துவிடும். அப்போது அன்டிபயோட்டிக் மட்டும் போதாது, அடைப்புக்கு மேலே தேங்கியதை வெளியே விட வேண்டும். 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், காசு வேண்டாம். சிறுநீரே வராமல் போனாலும், வாந்தியால் ஒன்றும் உள்ளே தங்காவிட்டாலும், மருந்துக்கு அடங்காத வலி வந்தாலும் அப்படித்தான். ஒரே சிறுநீரகத்தோடு இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் முதல் வலிக்கே வர வேண்டும்.

கல் இன்னும் அங்கே இருந்தால் என்ன செய்வார்கள் என்ற பயம் வேண்டாம். கண்டி போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில் சிறுநீரகச் சத்திரசிகிச்சைப் பிரிவு இருக்கிறது. வயிற்றைக் கிழிப்பதில்லை. மயக்கம் கொடுத்து, சிறுநீர் போகும் வழியாகவே மெல்லிய கருவியை விட்டு, பையைக் கடந்து அந்த வாசலுக்குள் போய், கல்லை லேசரால் உடைத்து எடுப்பார்கள். கீழ் வாசலில் நிற்பது இந்தச் சிகிச்சைக்கு வசதிதான், கருவி மேலே அதிக தூரம் போக வேண்டியதில்லை.

அதன் பிறகு வீங்கிய வாசல் மூடிக்கொள்ளாமல் இருக்க, சில வேளை ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை உள்ளே வைத்து அனுப்புவார்கள். அது இருக்கும்வரை கொஞ்சம் முட்டலும், வேலைக்குப் பிறகு சிறுநீரில் கொஞ்சம் இரத்தமும் தெரியலாம். அது தானாக விழாது, எடுக்கத்தான் வேண்டும். உள்ளே மறந்து விட்டால் அதன் மேலேயே கல் படியும். வார்ட்டை விட்டு வரும்போது உள்ளே ஸ்டென்ட் இருக்கிறதா, எடுக்கும் திகதி எது என்று கேட்டு, கிளினிக் புத்தகத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.